முகூர்த்த நாளும் பென்சில் பதிவும்: கல்யாண மண்டப முன்பதிவு ஏட்டை நடத்தும் முறை

கும்பகோணம் பக்கத்தில் 600 பேர் உட்காரக்கூடிய ஒரு கல்யாண மண்டபத்தின் முன்பதிவை நான் 14 ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வாடகைத் தொகையும் கெடுக்களும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் நான் தரும் எண்களை மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள். முறையை மட்டும் மாற்றாதீர்கள். முன்பதிவு ஏட்டில் ஒரு நாள் காலியாக இருக்கலாம், கெடுவுடன் பென்சிலில் இருக்கலாம், அல்லது பணம் பெற்று மையில் இருக்கலாம். "அவர்கள் நிச்சயம் வருவார்கள், தெரிந்தவர்கள்தான்" என்ற நான்காவது நிலைக்கு ஏட்டில் இடம் கொடுத்த மண்டபங்களில்தான் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு குடும்பங்கள் வந்து நிற்கின்றன.

முதலில், ஒரு நாள் எது என்று தீர்மானியுங்கள்

தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்யாணங்கள் முந்தின நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு அல்லது வரவேற்பில் தொடங்கி, மறுநாள் காலை முகூர்த்தம், மதியச் சாப்பாடு என்று முடிகின்றன. ஆகவே மண்டபத்தின் ஒரு வாடகை நாள் இரண்டு தேதிகளின் மேல் விழுகிறது. எங்கள் மண்டபத்தில் அது பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது. இந்த நேரக் கணக்கை ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

எந்தத் தேதியின் கீழ் பதிவு எழுதுவது என்பதையும் ஒரே வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், முகூர்த்தத் தேதியின் கீழ் எழுதுவது என் வழக்கமாகவும், குடும்பம் மண்டபத்துக்கு வந்து இறங்கும் தேதியின் கீழ் எழுதுவது மாலை நேரத்தில் உட்கார்ந்திருந்த இன்னொருவரின் வழக்கமாகவும் இருந்தது. ஒரு குடும்பம் வைகாசியில் ஒரு வியாழக்கிழமை முகூர்த்தத்துக்குப் பதிவு செய்ய வந்தபோது, அவர் அதைப் புதன்கிழமைக் கட்டத்தில் எழுதினார். வியாழன் கட்டம் காலியாகத் தெரிந்ததால், அதே முகூர்த்தத்தை நான் வேறொரு குடும்பத்துக்கு மையில் எழுதி முன்பணமும் வாங்கிவிட்டேன். கல்யாணத்துக்கு 40 நாள் முன்பு பத்திரிகை வைக்க வந்தவர்கள் நீட்டிய அழைப்பிதழைப் பார்த்த பிறகுதான் தவறு தெரிந்தது. முதலாளி தம் பொறுப்பில் பக்கத்து ஊரில் வேறு மண்டபம் பிடித்துக் கொடுத்து, இரண்டாவது குடும்பத்தின் புதிய அழைப்பிதழுக்கான அச்சுச் செலவையும் ஏற்றார். ஆனாலும் அந்தப் பெண்ணின் தாயார் எங்கள் அலுவலகப் படியில் உட்கார்ந்து அழுததை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எல்லாப் பதிவையும் முகூர்த்தத் தேதியின் கீழ்தான் எழுதுகிறோம். அதோடு "சனி பிற்பகல் வருகை, ஞாயிறு காலை முகூர்த்தம், ஞாயிறு பிற்பகல் வெளியேற்றம்" என்று கிழமைகளையும் எழுத்தில் எழுதுகிறோம். முகூர்த்தம் காலை 4.30 முதல் 6 வரை இருந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும். ஏனென்றால் பெரியவர்கள் பலர் அதைச் "சனிக்கிழமை விடிந்தால் கல்யாணம்" என்றுதான் சொல்வார்கள். சனிக்கிழமையா, சனி இரவு கழிந்து வரும் ஞாயிறா என்று திருப்பிக் கேட்டு, அவர்கள் வாயால் சொன்ன பிறகு எழுதுங்கள். ஆங்கிலத் தேதி, கிழமை, தமிழ்த் தேதி ஆகிய மூன்றையும் பதிவில் சேர்த்து எழுதுவது இதற்கு நல்ல காப்பு. மூன்றில் ஒன்று தவறாகச் சொல்லப்பட்டிருந்தாலும் மற்ற இரண்டோடு அது பொருந்தாது. அப்போதே நிறுத்திக் கேட்டுவிடலாம்.

ஏடு ஒன்றுதான் இருக்க வேண்டும். நாங்கள் தடித்த கட்டு நோட்டில் எழுதி, அதைப் பார்த்துக் கைப்பேசியில் கூகுள் காலண்டரிலும் பதிகிறோம். கைப்பேசியில் இருப்பது முதலாளியும் மின்சாரப் பணியாளரும் பார்த்துக்கொள்வதற்கான நகல் மட்டுமே. வெளியூரில் இருக்கும் முதலாளி யாருக்காவது தொலைபேசியில் வாக்குக் கொடுத்தாலும், அலுவலகத்தில் ஏட்டைப் பார்த்து எழுதும் வரை அது பதிவாகாது என்பதை அவரிடமும் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள்.

அடுத்து, முகூர்த்த நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஆண்டின் 365 நாளும் மண்டபத்துக்கு ஒரே மதிப்புடையவை அல்ல. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் இந்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் கல்யாணம் வைப்பதில்லை. மற்ற மாதங்களிலும் அஷ்டமி, நவமி, அமாவாசை, கரிநாள், செவ்வாய், சனி என்று கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சும் நாட்கள் சில. அவற்றிலும் வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழும் நாட்கள் இன்னும் சில. தகராறு எல்லாம் அந்தச் சில நாட்களைச் சுற்றித்தான் வரும்.

பஞ்சாங்கம் வந்தவுடன் ஏட்டின் கட்டங்களில் வண்ணம் இடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை முகூர்த்தத்துக்குச் சிவப்பு, மற்ற கிழமைகளின் வளர்பிறைக்குப் பச்சை, தேய்பிறை முகூர்த்தத்துக்கு மஞ்சள் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் வேறுபடுவதால், ஒன்றில் முகூர்த்தமாக இருக்கும் நாள் மற்றொன்றில் இல்லாமல் போவதுண்டு. எது சரி என்று சொல்வது நம் வேலை அன்று. இரண்டில் எதில் முகூர்த்தமாக இருந்தாலும் வண்ணம் இட்டுவிடுங்கள். அந்த நாளைக் கேட்டு யாரோ வரத்தான் போகிறார்கள்.

காலண்டரில் முகூர்த்தம் என்று அச்சிட்டிருப்பது எல்லாருக்கும் பொதுவானது. ஒரு குடும்பத்துக்கு அது ஒத்துவருமா என்பதை அவர்களுடைய ஜோசியர் மணமக்களின் நட்சத்திரத்தை வைத்துப் பார்ப்பார். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ அன்று சந்திராஷ்டமம் என்றால் அந்த நாள் அவர்களுக்கு ஆகாது. பெண் வீட்டார் தங்கள் ஜோசியரைக் கேட்டு நாள் குறித்துக்கொண்டு நம்மிடம் வருவார்கள். பிள்ளை வீட்டாரின் ஜோசியர் இரண்டு நாள் கழித்து அதே நாளைத் தள்ளிவிடுவார். பென்சில் பதிவுகள் மையாகாமல் போவதற்கு நான் பார்த்தவரையில் முதல் காரணம் இதுதான். ஆகவே நாள் கேட்டு வருகிறவரிடம், "இரண்டு வீட்டு ஜோசியரும் பார்த்தாயிற்றா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பலர் அங்கேயே சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பார்கள்.

அறுபதாம் கல்யாணத்தை இதில் தனியாக நினைவில் வையுங்கள். அது பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் செய்வது என்பதால் அந்தக் குடும்பத்துக்கு மாற்று நாள் சொல்லிப் பயனில்லை. காதுகுத்து, வளைகாப்பு போன்றவற்றுக்கு இரண்டு மூன்று நாட்களைச் சொன்னால் ஒன்றுக்கு இசைவார்கள்.

தேதி மோதாமலேயே இன்னொரு மோதல் வரும். ஞாயிறு முகூர்த்தம் முடித்த குடும்பம் அன்று பிற்பகல் 3 மணிக்கு வெளியேற, திங்கள் முகூர்த்தக் குடும்பம் அதே 3 மணிக்கு உள்ளே வருவதாக ஏட்டில் சரியாகவே இருக்கும். ஆனால் திங்கள் குடும்பத்தின் சமையல் மாஸ்டர் ஞாயிறு காலை 10 மணிக்கே காய்கறி மூட்டைகளோடு வந்து நிற்பார். மாலை வரவேற்புக்கு 500 இலை போட வேண்டுமானால் அவர் அதற்குப் பிந்தி வர முடியாது. அந்த நேரத்தில் சமையல்கூடத்தில் முதல் குடும்பத்தின் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு முறை இரண்டு மாஸ்டர்களும் ஒரே தண்ணீர்க் குழாய்க்காகக் கைகலப்பு வரை போனார்கள். அதன் பிறகு நாங்கள் உக்கிராண அறைக்கு வெளிப்பக்கமாக ஒரு கதவு வைத்து, பின்கொல்லையில் தகரக் கொட்டகையும் ஒரு குழாயும் போட்டோம். இடவசதி இல்லாத மண்டபங்கள் அடுத்தடுத்த முகூர்த்தம் வரும் நாட்களில் உள்ளே வரும் நேரம் மாலை 5 என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. பந்தி முடிந்து கழுவித் துடைக்க எங்கள் ஆட்கள் ஆறு பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த இடைவெளியை ஏட்டில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

பென்சில் பதிவு

குடும்பம் முதன்முறை வந்தவுடன் முன்பணம் கேட்பது நம் ஊரில் நடக்காது. வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், சம்பந்தி வீட்டார் ஒருமுறை வந்து மண்டபத்தைப் பார்க்க வேண்டும், பணம் புரட்ட வேண்டும். அதற்காகத்தான் பென்சில் பதிவு. பெயர், கைப்பேசி எண், வந்தவர் மணமக்களுக்கு என்ன உறவு, எந்த முகூர்த்தம், பதிந்த நேரம், கெடு முடியும் நேரம் ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். உறவைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சித்தப்பா ஒரு பெயரிலும் தாய்மாமன் வேறு பெயரிலும் ஒரே கல்யாணத்துக்கு இரண்டு முறை பென்சில் போட்டு, நாமும் அதை இரண்டு குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும்.

கெடுவை எப்போதும் கிழமையும் மணியுமாக எழுதுங்கள். "இரண்டு நாள்" என்று எழுதினால் அவர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள், நாம் வேறு கணக்குப் போடுவோம். சிவப்பு நாட்களுக்கு நாங்கள் ஏறக்குறைய 48 மணி நேரம் தருகிறோம். பச்சைக்கு 4 நாள். மஞ்சளுக்கும் மற்ற நாட்களுக்கும் ஒரு வாரம். கெடு முடிவதற்கு 3 மணி நேரம் முன்பு நாமே ஒருமுறை அழைத்துக் கேட்க வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் செய்வதன்று. அழைத்த நேரத்தை ஏட்டில் எழுதி வைத்திருந்தால், "எங்களிடம் சொல்லாமலே கொடுத்துவிட்டீர்கள்" என்ற பேச்சு வரும்போது பதில் இருக்கும்.

பென்சிலில் இருக்கும் நாளை இன்னொருவர் கேட்டு வந்தால், நாள் போய்விட்டது என்றும் சொல்லாதீர்கள், கிடைத்துவிடும் என்றும் சொல்லாதீர்கள். ஒருவர் கேட்டிருக்கிறார், அவர் கெடு புதன் மாலை 6 மணி, அதற்குள் அவர் கட்டாவிட்டால் உங்களை முதலில் அழைப்பேன் என்று சொல்லி, அவரை இரண்டாம் வரிசையில் எழுதுங்கள். முதல் குடும்பத்திடமும் காத்திருப்பவர் இருப்பதைச் சொல்லலாம், ஆனால் இருந்தால் மட்டும்தான் சொல்ல வேண்டும். இல்லாத ஆளைச் சொல்லிப் பணத்தை அவசரப்படுத்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது சிற்றூரில் ஒரே சீசனில் வெளியே தெரிந்துவிடும், அதன் பிறகு நாம் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கெடுவை நீட்டிக்கச் சொல்லிக் கேட்பவர்கள் நிறையப் பேர். காத்திருப்பவர் யாரும் இல்லையென்றால் ஒருமுறை நீட்டிக்கலாம். காத்திருப்பவர் இருந்தால், 5,000 ரூபாய் டோக்கன் கட்டினால் மட்டும் இன்னும் 2 நாள் தருகிறோம். பதிவு உறுதியானால் அது முன்பணத்தில் கழியும், இல்லையென்றால் திரும்பாது என்று டோக்கன் சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறோம். இரண்டாவது நீட்டிப்பு முதலாளியின் தம்பிக்கும் கிடையாது. இதை எழுதும்போது எனக்கு எளிதாக இருக்கிறது. உறவுக்காரர் எதிரில் வந்து நிற்கும்போது சொல்வது கடினம்தான். ஆனாலும் ஒருவருக்குத் தளர்த்தினால் அடுத்தவருக்கு மறுக்க நியாயம் இருக்காது.

முன்பணமும் ரசீதும்

பணம் கைக்கு வந்த பிறகே மையால் எழுத வேண்டும். காசோலை கொடுத்தால் அது வங்கியில் தேறும் வரை பென்சில்தான். எங்கள் வாடகை ஒரு நாளுக்கு 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி பதிவுள்ள மண்டபம் 18 சதவீதம் வரி சேர்க்க வேண்டும். பாதி வாடகை 60,000, அதற்கு வரி 10,800, ஆக 70,800 ரூபாய் முன்பணமாக வாங்குகிறோம். சேவைக்கு முன்பணம் வாங்கும்போதே வரிப் பொறுப்பு வந்துவிடுவதால், கல்யாணம் ஆறு மாதம் கழித்து என்றாலும் பெறுகைச் சீட்டை அன்றே எண்ணிட்டுக் கொடுத்து, அந்த மாதக் கணக்கிலேயே வரியைக் காட்ட வேண்டும். மீதி வாடகை முகூர்த்தத்துக்கு 15 நாள் முன்பு. சேதத்துக்கான பிணைத்தொகை சாவி கொடுக்கும் அன்று. மின்சாரம் மீட்டர் கணக்கில்.

கல்யாணச் செலவு பெரும்பாலும் ரொக்கமாகவே புழங்கும். ஆனால் 2017 முதல் வருமான வரிச் சட்டத்தின்படி, ஒரு நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக்கூடாது. தவணை தவணையாக வாங்கினாலும் ஒரே நிகழ்ச்சி என்று சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், வாங்கிய நம்மேல் விழும். வாடகை, ஜெனரேட்டர், பிணைத்தொகை எல்லாம் சேர்ந்து இந்த அளவை எளிதில் தொட்டுவிடும் என்பதால், முன்பணத்தை வங்கி வழியாகக் கேட்பதே நல்லது.

ரசீது யார் பெயரில் என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். சம்பந்தம் முறிந்த பிறகு இரண்டு வீட்டாரும் தனித்தனியே வந்து "பணம் நாங்கள் கொடுத்தது" என்று கேட்கும்போதுதான் அதன் கனம் தெரியும். பணம் யாருடைய கணக்கிலிருந்து வருகிறதோ அவர் பெயரில் ரசீது எழுதி, திருப்பித் தருவதும் தேதியை மாற்றுவதும் ரசீதில் உள்ளவருக்கு மட்டுமே உரிய உரிமை என்று ஒரு வரி சேருங்கள். வரவேற்புச் செலவு பிள்ளை வீட்டார், முகூர்த்தச் செலவு பெண் வீட்டார் என்று அவர்களுக்குள் பிரித்துக்கொண்டாலும் நம்மிடம் ஒப்பந்தம் ஒரே பெயரில்தான் இருக்க வேண்டும்.

முன்பணம் வாங்குவதற்கு முன் மணமக்கள் இருவரின் வயதுச் சான்றின் நகலையும் வாங்கிப் பாருங்கள். பெண்ணுக்கு 18, பிள்ளைக்கு 21 நிரம்பியிருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் அத்தகைய திருமணத்துக்குத் துணைபோவதும் குற்றம்; மண்டபம் கொடுத்தவரும் விசாரணைக்குள் வருவார். சான்று தர மறுத்தாலோ, "அடுத்த வாரம் தருகிறோம்" என்று இரண்டு முறை தள்ளினாலோ பென்சிலை அழித்துவிடுங்கள். வயது குறைவு என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுவது நம் கடமை.

ரத்து

ரத்துக்கான விதியை முன்பணம் வாங்கும் அன்றே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். குடும்பங்கள் ரத்து செய்ய வருவது துக்கத்திலோ அவமானத்திலோதான். அந்த நேரத்தில் புதிதாக ஒரு விதியைச் சொன்னால் அது எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் கொடுமையாகவே கேட்கும்.

"கொடுத்த பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது" என்று பல மண்டபங்களில் பலகை தொங்குகிறது. அந்தப் பலகையை நம்பி இருக்காதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான ஈட்டுத்தொகைக்குத்தான் உரிமை தருகிறது. மண்டபம் அதே நாளில் அதே வாடகைக்கு வேறொருவருக்குப் போய்விட்டால் நமக்கு என்ன நட்டம் என்று நுகர்வோர் ஆணையத்தில் கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆகவே எங்கள் விதியை நாள் மறுபடி போகிறதா என்பதோடு கட்டியிருக்கிறோம். முகூர்த்தத்துக்கு 120 நாளுக்கு மேல் இருந்தால் முன்பண வாடகையில் கால் பங்கு, 60 முதல் 120 நாள் வரை பாதி, 60 நாளுக்குள் முழுவதும் நிறுத்தி வைப்போம். நாள் மறுபடி வாடகைக்குப் போனால், குறைந்த வாடகையின் வித்தியாசத்தையும் 5,000 ரூபாய் அலுவலகச் செலவையும் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவோம். எடுத்துக்கொள்வது முதலில் நிறுத்தியதைத் தாண்டாது. சிவப்பு நாளாக இருந்தால் 60 நாளுக்கு முன் காலியானது பெரும்பாலும் போய்விடும். அதற்குள் வந்தால் பத்திரிகை அடித்த குடும்பங்களெல்லாம் மண்டபம் பிடித்து முடித்திருப்பார்கள் என்பதால்தான் 60 என்ற எல்லை.

ஒரு நாளை முழுதாக எடுத்துப் பார்ப்போம். ஆவணியில் ஒரு ஞாயிறு, வளர்பிறை, சிவப்புக் கட்டம். பெண் வீட்டார் ஒரு திங்கள் மாலை 6 மணிக்குக் கேட்டார்கள். கெடு புதன் மாலை 6. செவ்வாயன்று இன்னொரு குடும்பம் வந்து இரண்டாம் வரிசையில் நின்றது. புதன் 3 மணிக்கு நான் அழைத்தபோது, பிள்ளை வீட்டு ஜோசியர் ஊரில் இல்லை, வெள்ளி வரை வேண்டும் என்றார்கள். காத்திருப்பவர் இருப்பதால் டோக்கன் கேட்டேன், 5.30 மணிக்குப் பெண்ணின் சித்தப்பா வந்து கட்டினார். வெள்ளியன்று டோக்கன் போக 65,800 ரூபாய் வங்கி வழியாக வந்தது. பெண்ணின் தகப்பனார் பெயரில் 70,800க்கு ரசீது எழுதி மையில் ஏற்றினேன். இரண்டாம் வரிசைக் குடும்பத்துக்கு அன்றே சொல்லிவிட்டதால் அவர்கள் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டார்கள்.

முகூர்த்தத்துக்கு 75 நாள் இருக்கும்போது தகப்பனார் தனியாக வந்தார். ரசீதை மேசைமேல் வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, கல்யாணம் நின்னு போச்சு. ஏன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. காரணம் நமக்குத் தேவையும் இல்லை. விதி தேதியையும் மறுவாடகையையும் மட்டுமே பார்க்கிறது என்பதே அதன் நல்ல அம்சம். ரத்துக் கடிதத்தை நானே எழுதி, அவர் கையெழுத்தையும் தேதியையும் வாங்கிக்கொண்டேன். 60,000இல் பாதி 30,000, அதற்கான வரி 5,400, ஆக 35,400 ரூபாயை அவர் கணக்குக்கே திருப்பி அனுப்பி, திருப்பிச் செலுத்திய சீட்டைக் கொடுத்தேன். மீதி பற்றி, நாள் போனால் எவ்வளவு வரக்கூடும் என்பதை அதே கடிதத்தின் அடியில் எழுதி ஒரு நகல் தந்தேன்.

அன்று மாலையே கட்டத்தைக் காலி என்று மாற்றி, அந்த மாதம் கேட்டு நாள் கிடைக்காமல் போனவர்களின் எண்களை எடுத்து வரிசைப்படி அழைத்தேன். கேட்டு இல்லையென்று திரும்பியவர்களின் பட்டியலை ஒரு தனி நோட்டில் வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். மூன்று வாரம் கழித்து ஒரு குடும்பம் 1,00,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டது. வாடகையில் குறைந்தது 20,000, அலுவலகச் செலவு 5,000, ஆக எங்களுக்கு உரியது 25,000. நிறுத்தி வைத்த 30,000இல் மிஞ்சிய 5,000ஐயும் அதற்கான வரி 900ஐயும் சேர்த்து 5,900 ரூபாயை அவர் கேட்காமலே அனுப்பினேன். எங்களிடம் நின்ற 25,000க்கு உரிய வரி 4,500 வாங்கியபடியே கணக்கில் இருந்தது. ரத்துக்காக எடுத்துக்கொள்ளும் தொகைக்கும் வாடகைக்கு உள்ள வரி விகிதமே பொருந்தும்.

வீட்டில் இறப்பு நேர்ந்து கல்யாணத்தைத் தள்ளி வைப்பதை ரத்தாக எழுத வேண்டாம். ஒருமுறை மட்டும், 12 மாதத்துக்குள் காலியாக உள்ள வேறு நாளுக்கு முன்பணத்தை மாற்றித் தரலாம். வாடகை கூடுதலான நாளாக இருந்தால் வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளலாம். பங்காளித் தீட்டு கழிந்து அவர்கள் ஜோசியரைப் பார்த்து வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் புதிய தேதியை உடனே கேட்காதீர்கள். ஆனால் பழைய தேதியை விடுவிப்பதற்கான கடிதத்தை மட்டும், ரசீதில் பெயர் உள்ளவரே துக்கத்தில் இருந்தாலும், நெருங்கிய உறவினர் ஒருவர் மூலம் அந்த வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். அது கைக்கு வரும் வரை அந்த நாளை வேறு யாருக்கும் பென்சிலில்கூட எழுதக்கூடாது. அரசாங்கமே தடை விதித்து நிகழ்ச்சி நடத்த முடியாமல் போவது வேறு வகை. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் மொத்தமாக நின்றன. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவும், அதன் கீழ் பெற்ற பலனைத் திருப்ப வேண்டும் என்று 65ஆம் பிரிவும் சொல்வதால், நாங்கள் எதையும் பிடிக்காமல் திருப்பினோம். வேண்டியவர்களுக்குத் தேதி மாற்றித் தந்தோம்.

ரத்தான பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள். மையில் எழுதியதன் மேல் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு இழுத்து, ரத்துக் கடிதத்தின் தேதி, திருப்பிய தொகை, சீட்டு எண் மூன்றையும் பக்கத்தில் எழுதிவிட்டுப் புதிய பதிவை அதன் கீழே எழுதுங்கள். அடுத்த ஆண்டு தணிக்கையின்போதும், அந்தத் தகப்பனார் அதே பெண்ணுக்கு வேறு நாள் கேட்டு வரும்போதும் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பீர்கள். அவர் அடுத்த தை மாதம் வந்தார். ஏட்டைப் பார்த்துவிட்டு, பென்சில் போடாமல் நேரே முன்பணம் கட்டினார்.